ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள்

கூரியர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நமது மின்னஞ்சலை முதலில் திறப்பவர், நமது பார்சலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஏதோ ஒரு நகரத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஊழியர் அவர். மடலைத் திறந்ததும் பார்சல் எண்ணைத் தேடுவார். கிடைத்தால் அதைத் தட்டச்சு செய்து, பொருள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு இந்த வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று மடலில் தேடுவார். இரண்டும் கண்ணில் பட்டால் சம்பந்தப்பட்ட கிளைக்குத் தகவல் போகும். படாவிட்டால், ‘விவரங்களை அனுப்பவும்’ என்ற ஆயத்தப் பதில் நமக்கு வரும். அதற்குள் ஒரு நாள் போயிருக்கும்.

நம் ஊரில் எழுதப்படும் புகார் மடல்களில் பெரும்பாலானவை இந்த ஊழியருக்காக எழுதப்படுவதில்லை. எழுதுகிறவரின் மனச்சுமையை இறக்கி வைப்பதற்காக எழுதப்படுகின்றன. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த மடல் அனுப்பப்படுவதற்கு முன் இன்னொருவர் கண்ணில் பட வேண்டும். பத்திரிகை மேசையில் மெய்ப்புப் பார்த்துப் பழகியவன் என்பதால் அக்கம்பக்கத்தார் இந்த வேலையை அடிக்கடி என்னிடம் தருவார்கள். அப்படி வந்த ஒரு மடலை, எண்களையும் அடையாளங்களையும் மாற்றி இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு பெண்மணி, ஓசூரில் இருக்கும் அக்கா மகளின் கல்யாணத்துக்காக ஆரி வேலைப்பாடு செய்த இரண்டு ரவிக்கைகளைத் தைத்து வாங்கி கூரியரில் அனுப்பினார். 2025 மே 5, திங்கட்கிழமை மாலை பதிவு செய்தார். கல்யாணம் மே 11, ஞாயிறு. வெள்ளிக்கிழமை மாலைவரை பார்சல் சேரவில்லை. அன்று அவர் எழுதியது இது. தலைப்பு வரியில் ‘மிக அவசரம்!!!’ என்று மட்டும் இருந்தது.

“உங்கள் கேவலமான சேவையால் எங்கள் குடும்பமே தூங்காமல் தவிக்கிறது!!! திங்கட்கிழமை அனுப்பிய பார்சல் இன்றுவரை வரவில்லை. இரண்டே நாளில் கட்டாயம் சேரும் என்று உங்கள் நிறுவனம் உறுதியளித்தது. போன் செய்தால் நாளை வரும், நாளை வரும் என்கிறார்கள். ஓசூரில் உள்ள உங்கள் பையன் வீட்டுக்கு வராமலேயே ஆள் இல்லை என்று பொய் எழுதுகிறான். ரூ.9,200 மதிப்புள்ள பொருள். நாளைக்குள் வரவில்லை என்றால் சும்மா விடமாட்டேன். கோர்ட்டுக்கு இழுத்துப் பத்து லட்சம் நஷ்டஈடு வாங்குவேன். தயவுசெய்து தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், உடனடியாக தகுந்த நடவடிக்கை எடுக்கவும்.”

இதில் எழுத்துப் பிழை என்று பார்த்தால் ‘உடனடியாக தகுந்த’ என்ற இடத்தில் ஒரு ‘த்’ விடுபட்டிருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மடலைத் திருப்பிக் கொடுத்தால் மெய்ப்புப் பார்த்ததாக ஆகுமா? ஒற்று மிகாததால் எந்தப் புகாரும் தோற்றதில்லை. பார்சல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்தப் புகார் அங்கேயே நின்றுவிடும். இந்த மடலிலோ எண்ணே இல்லை. அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், எந்தக் கிளையில் பதிவானது என்பதும் இல்லை.

ஆகவே ரசீதைக் கேட்டேன். மடலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ரசீதோடும், இணையத்தில் பார்சலின் நிலையைக் காட்டும் பக்கத்தோடும் பொருத்திப் பார்ப்பதே இங்கே முதல் மெய்ப்பு. எண்ணை வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதிலிருந்து எடுக்காமல், ரசீதிலிருந்தே இரண்டிரண்டு இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது என் பழக்கம். சுழியமும் ஆங்கில எழுத்து ஓ-வும் ஒன்றுபோல அச்சாகியிருக்கும். கார்பன் தாளில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, ‘உங்கள் நிறுவனம் உறுதியளித்தது’ என்ற வாக்கியம். ரசீதில் அப்படி எந்த உறுதியும் இல்லை. கவுண்டரில் இருந்தவர் வாயால் சொன்னது அது. அதை நிறுவனத்தின் உறுதிமொழி என்று எழுதினால், ‘நாங்கள் தேதி எதுவும் தருவதில்லை’ என்ற ஒரே வரியில் மறுத்துவிடலாம். ஆனால் பதிவு செய்த அன்றே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் `Expected Delivery: 07 May` என்று காட்டியிருக்கிறது. அதை அந்த அம்மா படமெடுத்து வைத்திருந்தார். கவுண்டர்க்காரரின் பேச்சைவிட அந்தப் படத்துக்குப் பலம் அதிகம். வாக்கியத்தை அதன் மேல் நிறுத்தினோம்: ‘பதிவு செய்த அன்று உங்கள் இணையப் பக்கம் மே 7-ஐச் சேரும் தேதியாகக் காட்டியது, படம் இணைத்துள்ளேன்.’ ‘கட்டாயம்’ போய்விட்டது, ஆனால் வாக்கியத்தின் பிடி இறுகிவிட்டது.

ரூ.9,200 என்ற வரியில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. ரசீதில் பொருளின் மதிப்பு என்ற கட்டத்தில் ரூ.500 என்று இருக்கிறது. கவுண்டரில் இருந்தவரே கேட்காமல் நிரப்பியது. கீழே இந்த அம்மாவின் கையெழுத்து. பல கவுண்டர்களில் இது வழக்கம். குறைந்த மதிப்பு போட்டால் கேள்வி இல்லை, பில் கேட்க வேண்டியதில்லை, கூடுதல் கட்டணமும் இல்லை. வாடிக்கையாளரும் அதைக் கவனிப்பதில்லை. பொருள் தொலைந்தால்தான் அந்தக் கட்டம் பேசத் தொடங்கும்.

அது எவ்வளவு சத்தமாகப் பேசும் என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாரதி நிட்டிங் கம்பெனி – டிஎச்எல் வழக்கு சாட்சி. ஜெர்மனிக்கு ஆடைகள் ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனம், அதற்கான ஆவணங்களைக் கூரியரில் அனுப்பியது. அவை உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று வழக்கு. மாநில ஆணையம் அந்தத் தொகையை வழங்கியது. தேசிய ஆணையம் அதை நூறு டாலராகக் குறைத்தது. அனுப்பியவர் கையெழுத்திட்ட சீட்டில் பொறுப்பின் வரம்பு நூறு டாலர் என்று இருந்ததுதான் காரணம். உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. கையெழுத்தே வாங்காமல் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் சொன்ன வழக்குகளும் உண்டு. ஆனால் இங்கே கையெழுத்து இருக்கிறது.

அப்படியானால் ரூ.9,200 வரியை என்ன செய்வது? எடுத்துவிடச் சொன்னேன். மறைப்பதற்காக அல்ல, ரசீதின் நகலைத்தான் மடலோடு இணைக்கிறோமே, ரூ.500 அதில் தெரியத்தான் போகிறது. இந்த மடல் கேட்பது பொருளை. பொருளின் விலையை அல்ல. ரசீதோடு முரண்படும் ஒரு தொகையைத் தேவையில்லாமல் நுழைத்தால், பதில் எழுதுபவர் தாமதத்தை விட்டுவிட்டு அந்த முரண்பாட்டைப் பற்றியே எழுதுவார். பொருள் தொலைந்துபோய் இழப்பீடு கேட்க நேர்ந்தால், தையல்காரர் பில்லையும் இணைத்து, ரசீதில் ரூ.500 என்று கவுண்டரில் நிரப்பப்பட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும். அது வேறு மடல்.

இனி அந்த ‘பொய்’. நிலையைக் காட்டும் பக்கத்தில் மே 8 காலை 11.40-க்கும், மே 9 பிற்பகல் 3.15-க்கும் `Consignee Not Available` என்று பதிவாகியிருந்தது. பெறுபவர் இல்லை என்று பொருள். கல்யாண வீடு, உறவினர்கள் நிறைந்திருக்கும் நேரம். யாரும் இல்லை என்பதை யார் நம்புவார்கள்? அன்றைய வேலைப்பளுவில் சுமையைக் குறைக்க டெலிவரி பையன்கள் இந்தப் பொத்தானை அழுத்திவிடுவது உண்டு. முகவரி கிடைக்காமல் அழுத்துவதும் உண்டு. இந்தப் பார்சலில் எது நடந்தது என்பது நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் ‘பொய்’ என்று எழுதினால், நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். கூடவே, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஊழியர் தன் ஆளைக் காப்பாற்றும் பக்கம் சாய்ந்துவிடுவார்.

தெரிந்ததை எழுதலாம். அந்த இரண்டு நேரங்களிலும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ரசீதில் எழுதிய கைப்பேசி எண்ணுக்கு அந்த இரண்டு நாளிலும் கூரியரிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அழைப்புப் பட்டியலின் படம் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் ஓசூருக்குப் போன் போட்டு, ரசீதில் இருப்பது இப்போது பயன்பாட்டில் உள்ள எண்தானா என்று கேட்டுக்கொண்டோம். பழைய எண்ணாக இருந்து, அதற்கு அவர்கள் அழைத்திருந்தால் மடல் முழுவதும் கவிழ்ந்துவிடும். படிக்கிறவர் முடிவுக்கு வரட்டும். நாம் ‘பொய்’ என்று சொல்ல வேண்டியதில்லை.

மொழிக்கு வருகிறேன். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு. கதை சொல்லும்போது அழகும்கூட. புகாரில் அது ஓட்டை. ‘போன் செய்தால் நாளை வரும் என்கிறார்கள்’ என்பதில் யார் போன் செய்தது, எந்த எண்ணுக்கு, எப்போது, யார் சொன்னது? அந்த அம்மா கைப்பேசியை எடுத்துப் பார்த்து மே 8 மாலை 5 மணி என்றார். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குத்தான் அழைத்திருக்கிறார். பேசியவர் பெயர் தெரியாது. பரவாயில்லை, நேரம் போதும். அழைப்புப் பதிவு அவர்களிடம் இருக்கும். அதேபோல ‘நாளை’, ‘இன்றுவரை’ எல்லாம் மாற வேண்டும். வெள்ளி இரவு எழுதியதைத் திங்கள் காலை ஒருவர் படித்தால் ‘நாளைக்குள்’ என்பது செவ்வாய் ஆகிவிடும். தேதியும் மணியும் போட்டுவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

நான் அதிகம் மல்லுக்கட்டியது வினைமுற்றுகளோடுதான். இந்த மடலில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ‘கோர்ட்டுக்கு இழுப்பேன்’ என்று ஒன்று. அடுத்த வரியிலேயே ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று இன்னொன்று. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் பழகிய கை நமக்கு. காசு கொடுத்து வாங்கிய சேவைக்கும் தாழ்மையாகத்தான் கேட்கிறோம். தாழ்மையால் மரியாதை கூடிவிடாது. கேட்பது உரிமையா சலுகையா என்ற சந்தேகத்தை மட்டும் அது உண்டாக்கும். ஒருமையில் ‘எழுதுகிறான்’ என்பது எதிர்ப்பக்கப் பிழை. முகம் தெரியாத ஊழியரை ‘ன்’ போட்டு எழுதிவிட்டால் அதன் பிறகு எத்தனை தயவுசெய்து போட்டாலும் ஒட்டாது. ‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’ என்ற அலுவலகக் கட்டளை தவறில்லை, ஆனால் அடுத்தடுத்து வந்தால் சுற்றறிக்கை போலாகிவிடும். ‘கொடுத்துவிடுங்கள்’, ‘தெரிவியுங்கள்’ என்று ‘உங்கள்’ நிலையில் நேராகக் கேட்பது எனக்குப் பிடிக்கும். பணிவும் குறையாது, குனிவும் இருக்காது. தயவுசெய்து ஒரு முறை போதும். ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம்.

‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்பதைப் படிக்கும் ஊழியர் எதைச் செய்வார்? எதைச் செய்தாலும் அவருக்கு அது தகுந்ததுதான். என்ன வேண்டும் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். “சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள ரவிக்கை வேணும், வேற என்ன?” என்றார். அதுதான் கோரிக்கை. மாற்று வழியையும் நாமே எழுதினோம்: வீட்டுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் ஓசூர் கிளையில் எடுத்து வையுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். இது விட்டுக்கொடுப்பதாகத் தோன்றலாம். கிளையில் மூட்டைக்கு அடியில் கிடக்கும் பார்சலைத் தேடியெடுக்க வைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கடைசியாக, மிரட்டல். பத்து லட்சம் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள், எழுதியவர் உட்பட. அதற்குப் பதிலாக, அடுத்து என்ன செய்வோம் என்பதைச் சொல்லலாம். உண்மையில் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. இவ்வளவையும் முதல் மடலில் கொட்ட வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு தலைப்பு வரியில் ‘பார்சல் எண் 48210736, திண்டுக்கல்–ஓசூர், மே 7 சேர வேண்டியது, இன்னும் சேரவில்லை’ என்று போட்டு, அந்த அம்மா அனுப்பிய மடல் இது:

“வணக்கம். மே 5 மாலை உங்கள் திண்டுக்கல் கிளையில் மேற்கண்ட எண்ணில் ஒரு பார்சலைப் பதிவு செய்தேன். பதிவு செய்த அன்று உங்கள் இணையப் பக்கம் மே 7-ஐச் சேரும் தேதியாகக் காட்டியது. இன்று, மே 9 மாலை 6 மணிவரை பார்சல் சேரவில்லை.

மே 8 காலை 11.40-க்கும் மே 9 பிற்பகல் 3.15-க்கும் பெறுபவர் இல்லை என்று பதிவாகியுள்ளது. இரு நேரங்களிலும் வீட்டில் ஆட்கள் இருந்தனர். ரசீதில் உள்ள கைப்பேசி எண்ணுக்கு உங்களிடமிருந்து அழைப்பு வரவில்லை. மே 8 மாலை 5 மணிக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியபோது மறுநாள் சேரும் என்றார்கள், சேரவில்லை.

பார்சலில் இருப்பவை மே 11 அன்று நடக்கும் திருமணத்துக்கான உடைகள். தயவுசெய்து மே 10 நண்பகல் 12 மணிக்குள் ஓசூர் முகவரியில் கொடுத்துவிடுங்கள். அது இயலாது என்றால் மே 10 காலை 9 மணிக்குள் எனக்குத் தெரிவியுங்கள். பெறுபவரே அடையாள அட்டையுடன் கிளைக்கு வந்து பெற்றுக்கொள்வார். தாமதத்துக்காகப் பதிவுக் கட்டணம் ரூ.160-ஐத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்கிறேன்.

மே 10 நண்பகலுக்குள் பொருளோ பதிலோ வராவிட்டால் 1915-இல் புகார் பதிவேன். ரசீது, இணையப் பக்கம், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.”

கீழே அனுப்பியவர், பெறுபவர் பெயர்களும் முகவரிகளும் கைப்பேசி எண்களும். ‘பதிவேன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர மடலில் எங்கும் குரல் உயரவில்லை. ‘கேவலமான’ என்ற சொல்லை விட மனமில்லாமல், “அதையாவது வைக்கக் கூடாதா சார்?” என்று கேட்டார். இரண்டு முறை பதிவான ‘பெறுபவர் இல்லை’யைப் படிக்கிறவருக்கு அது தானாகவே தோன்றும் என்றேன், அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அம்மா பணம் கட்டி அனுப்பியவர், எனவே கூரியருக்கு எழுதினார். இணையத்தில் பொருள் வாங்கிக் காத்திருப்பவர் கூரியரோடு மோதிப் பயனில்லை. அவருடைய ஒப்பந்தம் விற்றவரோடு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த வணிகத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மடலின் அமைப்பு இதேதான். பெறுநர் முகவரிதான் வேறு.

சனிக்கிழமை காலை கிளையிலிருந்து ஓசூருக்குப் போன் வந்தது. பெண்ணின் தம்பி போய் ரவிக்கைகளை வாங்கி வந்தான். ஆனால் ரூ.160-க்கு, ‘நிபந்தனைகளின்படி தாமதத்துக்குப் பொறுப்பில்லை’ என்று பதில் வந்தது. என் மனக்குறை இந்த இடத்தில்தான். வாடிக்கையாளர் தன் மடலில் தேதி, மணி, எண் எல்லாவற்றையும் துல்லியமாக எழுத வேண்டியிருக்கிறது. நிறுவனமோ இணையப் பக்கத்தில் ஒரு தேதியைக் காட்டிவிட்டு, ரசீதின் பின்பக்கம் பூதக்கண்ணாடிக்கும் சிக்காத ஆங்கிலத்தில் அதை மறுக்கிறது. சேரும் தேதியை ரசீதின் முன்பக்கம் அச்சிடுவதும், பொருளின் மதிப்பை வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்புவதும், பொறுப்பு வரம்பைத் தமிழில் படிக்கும் அளவில் போடுவதும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கேட்டு வாங்க ஆள் இல்லாததால் நடக்காமல் இருக்கின்றன.

அந்த அம்மா இரண்டாவது மடலையும் எழுதினார். இந்த முறை என்னிடம் கொண்டுவந்தபோது திருத்த ஒன்றும் இருக்கவில்லை: “மே 7 என்ற தேதியை உங்கள் இணையப் பக்கம் காட்டியதை நீங்கள் மறுக்கவில்லை. அந்தத் தேதி உங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் நிபந்தனை எது என்பதை, அதன் எண்ணோடு, மே 23-க்குள் தெரிவியுங்கள்.”